டைல்ஸுக்குக் கீழே இருக்கிறது பலம்

பால்கனிக் கைப்பிடியின் உயரத்தை டைல்ஸ் ஒட்டி முடித்த தரையிலிருந்துதான் அளக்க வேண்டும். தேசியக் கட்டிட விதித்தொகுப்பு குறைந்தது 1 மீட்டர் கேட்கிறது. மாடி வீட்டில் குழந்தைகள் இருந்தால் நான் 1.2 மீட்டர் வைக்கவே சொல்வேன்.

அதைவிடக் கவலை தருவது போல்ட். டைல்ஸும் அதன் கீழுள்ள கலவையும் சேர்ந்து 50 மி.மீ. கனம் என்று வைத்துக்கொள்வோம். 75 மி.மீ. ஆங்கர் போல்ட்டில் நட்டும் அடித்தகடும் 15 மி.மீ. எடுத்துக்கொண்டால், கான்கிரீட்டுக்குள் இறங்குவது வெறும் 10 மி.மீ. பார்வைக்கு உறுதியாகத் தெரியும்; ஆள் சாய்ந்தால் பிடுங்கிக்கொள்ளும். கைப்பிடியை ஆட்டும்போது அடித்தகடும் அசைந்தால், சுற்றியுள்ள டைல்ஸ் விரிசல் விட்டால், சந்தேகப்படுங்கள். டைல்ஸ் போடும் முன்பே தூண்களை ஸ்லாபில் நேரடியாகப் பொருத்துவது நல்லது. ஸ்லாப் விளிம்பை ஒட்டித் துளையிட்டால் விரிவடையும் போல்ட் கான்கிரீட்டையே பெயர்த்துவிடும். அங்கே கெமிக்கல் ஆங்கர் பாதுகாப்பானது. அதற்கும் விளிம்பிலிருந்து போதிய இடைவெளி வேண்டும். துளையின் தூசியை ஊதி, பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தால்தான் பசை பிடிக்கும்.

கண்ணாடி, டஃபன் செய்து லேமினேட் செய்ததாக இருக்கட்டும். வெறும் டஃபன் கண்ணாடி உடைந்தால் முழுதும் உதிர்ந்து, தடுப்பே இல்லாமல் போகும். கடலோர வீட்டுக்கு 316 ரக ஸ்டீல். 304 உப்புக்காற்றில் பழுப்புக் கறை பிடிக்கும்.