கொரியன் ஹோட்டலுக்கு முதன்முறையா? இந்த மூன்று வார்த்தைகள் போதும்!

உட்கார்ந்ததும் ஆர்டர் செய்யாத சின்னச் சின்னக் கிண்ணங்கள் வருகிறதா? அதுதான் 'பான்சான்'. சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் கறி வகைகள், மேஜையில் எல்லோருக்கும் பொது. கொரியாவில் பெரும்பாலும் இதற்குத் தனி பில் கிடையாது. தீர்ந்தால் கேட்டு வாங்கலாம்.

'ஜிகே' என்றால், கொதிக்கக் கொதிக்கச் சட்டியோடு வரும் கெட்டிக் குழம்பு. சோற்றோடு சாப்பிட வேண்டும்.

'புல்' என்றால் நெருப்பு, 'கோகி' என்றால் இறைச்சி. வெறும் 'புல்கோகி' என்றிருந்தால் பொதுவாக மாட்டிறைச்சி. சோயா சாஸ், பூண்டு, சர்க்கரையில் ஊறவைத்து வாட்டியது. முன்னால் 'த்வேஜி' என்றிருந்தால் பன்றி, 'தக்' என்றிருந்தால் கோழி.

சைவம் சாப்பிடுபவர்களே, பெயரை மட்டும் நம்பாதீர்கள். பான்சானில் வரும் கிம்ச்சியில் பெரும்பாலும் மீன் சாஸோ உப்பிட்ட இறாலோ இருக்கும். டோஃபு போட்ட ஜிகேகூட நெத்திலி கொதித்த நீரில் செய்யப்படலாம். கேட்ட பிறகே ஆர்டர் கொடுங்கள்.