கழித்தல் குறியை எடுத்துவிட்டாலும் தாங்குமா?

1 + 1/2 + 1/3 + 1/4 என்று கூட்டிக்கொண்டே போனால் அது எங்கும் நிற்காது. ஆமை வேகம்தான். 10-ஐத் தாண்டவே 12,367 உறுப்புகள் வேண்டும். ஆனாலும் எந்த எல்லையைச் சொன்னாலும் ஒருநாள் அதைத் தாண்டிவிடும். அதே எண்களை வர்க்கப்படுத்திக் கூட்டினால் கதை வேறு: 1 + 1/4 + 1/9 + 1/16 என்று போகும் தொடர் 1.645-க்கு அருகில் அடங்கிவிடுகிறது. சரியான மதிப்பு π²/6 என்று கண்டவர் ஆய்லர்.

இப்போது இப்படி இரண்டு எண்வரிசைகள் கையில் இருப்பதாகக் கொள்வோம். A₁, a₂, a₃ என்று ஒன்று, b₁, b₂, b₃ என்று இன்னொன்று. இரண்டிலும் வர்க்கங்களின் கூடுதல் அடங்குகிறது. அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. முதலோடு முதலையும் இரண்டாவதோடு இரண்டாவதையும் பெருக்கிக் கூட்டினால் அந்தத் தொடர் குவியுமா?

குவிவதிலும் இரண்டு விதம் உண்டு. சில தொடர்கள் கூட்டலும் கழித்தலும் ஒன்றையொன்று தின்பதால் மட்டுமே பிழைக்கின்றன. கழித்தல் குறிகளை எல்லாம் கூட்டலாக்கினால் அவை கைமீறிப் போய்விடும். அப்படி ஆக்கிய பிறகும் அடங்கி நிற்கும் தொடரை முற்றாகக் குவியும் தொடர் என்போம். நம் பெருக்கல் தொடர் இந்த உறுதியான வகையைச் சேர்ந்தது. அதைக் காட்ட ஒரே ஒரு சமனிலி போதும்.

சிறிய கணக்கிலிருந்து தொடங்கலாம். 3, 4 ஒரு பக்கம். 2, 1 மறுபக்கம். பெருக்கிக் கூட்டினால் 6 + 4 = 10, அதன் வர்க்கம் 100. வர்க்கக் கூடுதல்கள் 25, 5. அவற்றின் பெருக்கல் 125. நூறு சிறியது, வித்தியாசம் 25. இந்த 25 தற்செயலாக வந்ததல்ல. குறுக்கே பெருக்கிக் கழித்தால் 3×1 − 4×2 = −5; அதன் வர்க்கம்தான் அது. வர்க்கம் ஒருபோதும் எதிர்மமாகாது என்பதால் முதல் எண் இரண்டாவதை மிஞ்சவே முடியாது. மூன்று ஜோடி, நூறு ஜோடி என்று போனாலும் வித்தியாசம் இத்தகைய வர்க்கங்களின் கூடுதலாகவே இருக்கும். 1821-இல் கோஷி தம் பாடநூலில் எழுதிய இந்த முடிவை இன்று கோஷி–ஸ்வார்ட்ஸ் சமனிலி என்கிறோம்.

மாணவர்கள் வழுக்குவது அடுத்த படியில்தான். சமனிலியை எடுத்த எடுப்பில் முடிவிலித் தொடரின் மேல் வைத்து, "இடப்பக்கம் வலப்பக்கத்தைவிடச் சிறியது, ஆகவே குவிகிறது" என்று எழுதிவிடுவார்கள். இடப்பக்கத்துக்கு ஒரு மதிப்பு உண்டா என்பதே இன்னும் தெரியாதே! முதல் n உறுப்புகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். குறிகளையும் முன்கூட்டியே நீக்கிவிட வேண்டும்:

(|a₁b₁| + … + |aₙbₙ|)² ≤ (a₁² + … + aₙ²)(b₁² + … + bₙ²) ≤ A·B

இங்கே A, B என்பவை வர்க்கத் தொடர்களின் முழுக் கூடுதல்கள். n எவ்வளவு பெரிதானாலும் வலக்கோடியில் உள்ள A·B அசையாது. இடப்பக்கத்தில் சேருவதெல்லாம் எதிர்மமல்லாத எண்கள், ஆகவே கூடுதல் இறங்காது. ஏறிக்கொண்டே இருந்தாலும் கூரையைத் தாண்ட முடியாத கூடுதல் ஓரிடத்தில் நிலைகொள்ளத்தான் வேண்டும். நிறுவல் அவ்வளவுதான்.

எண்களில் பார்ப்போம். aₙ = 1/n, bₙ = 1/2ⁿ. A சுமார் 1.645, B சரியாக 1/3. பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் கூரை 0.740. பெருக்கல் தொடரான 1/2 + 1/8 + 1/24 + 1/64 + … உண்மையில் 2-இன் இயல் மடக்கையான 0.693-இல் போய் நிற்கிறது. கூரைக்குச் சற்றே கீழே. இனி ஒவ்வொரு உறுப்புக்கும் நாணயம் சுண்டிக் கூட்டல், கழித்தல் குறி போட்டாலும் தொடர் குவியும்.

குவிகிறது என்று மட்டும் தெரிந்தால் போதுமென்றால் இதைவிட எளிய வழி உண்டு: 2|ab| ஒருபோதும் a² + b²-ஐ மிஞ்சாது. ஆனால் மேலே சொன்ன கணக்கில் அந்த வழி தரும் கூரை 0.989. இவ்வளவு தளர்ந்த கூரைக்குக் கோஷியுடையதே மேல் என்பேன்.

வர்க்கங்கள் அடங்க வேண்டும் என்ற நிபந்தனையை விட்டுவிட்டு, இரண்டு தொடர்களும் குவிந்தால் போதும் என்று வைத்துக்கொள்ள முடியுமா? 1 − 1/√2 + 1/√3 − 1/√4 + … என்ற தொடர் குவிகிறது, சுமார் 0.605. ஆனால் அது குறிகளின் தயவில் நிற்பது. a, b இரண்டாகவும் அதையே எடுத்து உறுப்புக்கு உறுப்பு பெருக்கினால் கழித்தல் குறிகள் மறைகின்றன. மிஞ்சுவது 1 + 1/2 + 1/3 + 1/4 + …