படிக்கட்டைக் கணக்கிட்டு வரைதல்

வீட்டுக்குள் ஏறி இறங்கும் படிக்கட்டில் மூன்று அளவுகள் சரியாக இருக்க வேண்டும். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு உள்ள உயரம் ரைசர் அல்லது ஏற்றம். பாதம் வைக்கும் இடத்தின் அகலம் டிரெட் அல்லது மிதி. ஒரு படியின் முன்விளிம்பிலிருந்து அடுத்த படியின் முன்விளிம்பு வரை கிடையாக இதை அளப்பார்கள். ஏறுகிறவரின் தலைக்கு மேல் கிடைக்கும் வெற்றிடம் ஹெட்ரூம்.

ஏற்றத்துக்கும் மிதிக்கும் ஓர் உறவு உண்டு. உயரம் கூடினால் மனிதர் எட்டி வைக்கும் தூரம் குறைகிறது. இதைக் கணக்காக்கியவர் 17ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர் பிரான்சுவா புளோந்தெல். இரண்டு ஏற்றத்தையும் ஒரு மிதியையும் கூட்டினால் ஒரு நடையின் நீளம் வர வேண்டும் என்பது அவருடைய விதி. இன்று அந்தக் கூட்டுத்தொகையை 60 முதல் 64 செ.மீ.க்குள் வைக்கிறார்கள். கூட்டுத்தொகை இதற்கு மிகக் குறைந்தால் குறுகுறுவென்று காலடி வைக்க வேண்டியிருக்கும். கூடினால் தாவி ஏற வேண்டியிருக்கும். இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு வீடுகளுக்கு வேறு வரம்புகளையும் வைக்கிறது. ஏற்றம் 19 செ.மீ.க்கு மிகக் கூடாது, மிதி 25 செ.மீ.க்குக் குறையக் கூடாது, படிக்கட்டுக்கு அடியிலும் லேண்டிங்குக்கு அடியிலும் நடக்கும் வழியில் 220 செ.மீ. உயரம் இருக்க வேண்டும்.

தரைத்தளத்தின் முடிந்த தரையிலிருந்து முதல் மாடியின் முடிந்த தரை வரை 306 செ.மீ., அதாவது ஏறக்குறைய 10 அடி உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளலாம். பாதி ஏறி, லேண்டிங்கில் திரும்பி, எதிர்த்திசையில் மீதியை ஏறும் அமைப்பு. முதலில் எண்ணிக்கையை முடிவுசெய்ய வேண்டும். 306ஐ 18ஆல் வகுத்தால் ஏற்றம் சரியாக 17 செ.மீ. வருகிறது. இரண்டு ஏற்றம் 34. மிதியை 28 என வைத்தால் கூட்டுத்தொகை 62. விதிக்குப் பொருந்துகிறது.

18 ஏற்றங்களைப் பக்கத்துக்கு 9 எனப் பிரிக்கும்போது, ஒவ்வொரு பக்கத்திலும் மிதி எட்டுதான். ஒன்பதாவது ஏற்றத்தின் உச்சியில் இருப்பது லேண்டிங். அது தனி மிதி ஆகாது. ஆக, ஒரு பக்கத்தின் கிடை நீளம் 8 × 28 = 224 செ.மீ. லேண்டிங்குக்கு 100 செ.மீ. சேர்த்தால் 324. இரண்டு பக்கங்களுக்கும் தலா 95 செ.மீ. அகலமும் நடுவே 10 செ.மீ. இடைவெளியும் விட்டால் மொத்த அகலம் 200. மிதியையும் ஒன்பது என்று எண்ணிவிட்டால் 28 செ.மீ. கூடுதலாகத் தேவைப்படும். சுவர்கள் 324க்கு எழும்பிய பிறகு இது தெரியவந்தால் லேண்டிங் 72 செ.மீ.யாகச் சுருங்கி, கட்டிலோ பீரோவோ திரும்ப முடியாத மூலையாகிவிடும்.

ஹெட்ரூமை இரண்டு இடங்களில் சோதிக்க வேண்டும். ஒன்று, லேண்டிங்குக்கு அடியில். லேண்டிங்கின் உயரம் 9 × 17 = 153; அதன் தடிமன் 15 போனால் கீழே கிடைப்பது 138 செ.மீ. மட்டுமே. அந்த இடம் சாமான் வைக்கப் பயன்படும், வழியாகப் பயன்படாது. அங்கே வழி வேண்டுமென்றால் முதல் பக்கத்தில் 14 ஏற்றம் வைத்து (14 × 17 = 238, தடிமன் போக 223) மீதி நான்கை மறுபக்கத்துக்குத் தள்ள வேண்டும். அப்போது முதல் பக்கத்துக்கு 13 மிதியாகி நீளம் 364 செ.மீ. ஆகும்.

இரண்டாவது இடம், மேல்தளத்தின் விளிம்புக்கு அடியில். விளிம்பில் உள்ள பீமின் அடிப்பகுதி மேல்தரையிலிருந்து 45 செ.மீ. கீழே இருக்கிறது என்றால், தரைத்தளத்திலிருந்து அதன் உயரம் 261. இரண்டாம் படியின் மேல் (34 செ.மீ.) நிற்பவருக்கு 227 செ.மீ. கிடைக்கும், மூன்றாம் படியில் (51 செ.மீ.) 210 ஆகிவிடும். மேல்மாடி ஹாலைப் பெரிதாக்க அந்த விளிம்பை 60 செ.மீ. முன்னே தள்ளினால் பீம் மூன்றாம் படிக்கு நேர் மேலே வந்து வரம்பு மீறப்படுகிறது.

இனி வரைதல். பிளான் என்பது தரையிலிருந்து ஏறக்குறைய 120 செ.மீ. உயரத்தில் கட்டடத்தைக் கிடையாக அறுத்து மேலிருந்து பார்த்த தோற்றம். முதல் பக்கத்துக்கு 28 செ.மீ. இடைவெளியில் ஒன்பது கோடுகள் போட வேண்டும். அவற்றுக்கு நடுவே எட்டு இடைவெளிகள் வருகின்றனவா என்று எண்ணிப் பார்ப்பது எளிய சோதனை. ஏழாம் படியின் உயரம் 119 செ.மீ. என்பதால் தரைத்தள பிளானில் அந்த இடத்தில் சாய்வான முறிவுக்கோடு போட்டு நிறுத்த வேண்டும். அதற்கு மேலுள்ள படிகள் விட்டுவிட்ட கோடுகளாக வரும். முதல் ஏற்றத்திலிருந்து புறப்படும் அம்புக்குறி ஏறும் திசையைக் காட்டும். படிகளுக்கு 1 முதல் 18 வரை எண் இடுவது வழக்கம்.

செக்‌ஷனை பிளானுக்கு மேலேயே வரைவது நல்லது. 1:20 அளவில், தரைக்கும் லேண்டிங்குக்கும் இடையிலுள்ள 153 செ.மீ. தாளில் 7.65 செ.மீ. ஆகிறது. இதை ஒன்பதாகப் பிரிக்க வகுத்தல் தேவையில்லை. ஸ்கேலின் சுழியம் கீழ்க்கோட்டிலும் 9 செ.மீ. மேல்கோட்டிலும் படும்படி சாய்த்து வைத்து, ஒவ்வொரு செ.மீ.யிலும் புள்ளி வைத்துக் கிடைக்கோடுகள் இழுத்தால் ஒன்பது சம பாகங்கள் கிடைத்துவிடும். பிளானின் ஏற்றக் கோடுகளை நேராக மேலே நீட்டினால், இரு கோட்டுத் தொகுதிகளும் வெட்டும் இடங்களில் படிகள் உருவாகின்றன. படிகளின் உள்மூலைகளைச் சேர்க்கும் சாய்கோட்டுக்குச் செங்குத்தாக 15 செ.மீ. தள்ளி இணைகோடு போட்டால் அது படிகளைத் தாங்கும் கான்கிரீட் பலகையின் அடிப்பக்கம். வெட்டுக்கோடு செல்லும் பக்கத்தை மட்டும் அறுபட்டதாக நிழலிட்டுக் காட்ட வேண்டும். மற்றது பின்னால் தெரியும் வெறும் தோற்றம். கடைசியாக, படிகளின் முன்விளிம்புகளைச் சேர்க்கும் கோட்டுக்கு 220 செ.மீ. மேலே ஓர் இணைகோடு இழுக்க வேண்டும். அதைப் பீமோ தளமோ தொட்டால் அங்கே தலை இடிக்கும்.

செக்‌ஷனில் முடிந்த தரை ஒரு கோடாகவும் கான்கிரீட் தரை வேறொரு கோடாகவும் இருக்க வேண்டும். கீழ்த்தரையில் டைல்ஸும் அதற்கு அடியிலுள்ள கலவையும் சேர்ந்து 8 செ.மீ., படிகளில் கிரானைட் 3 செ.மீ., மேல்தரையில் 5 செ.மீ. என்று கொள்வோம். எல்லா ஏற்றத்தையும் 17 என்றே கான்கிரீட் போட்டால், தரை வேலை முடிந்ததும் முதல் படி 12 ஆகவும் கடைசிப் படி 19 ஆகவும் மாறிவிடும். இப்படி மாறும் படியில்தான் கால் தடுக்குகிறது. ஆகவே கான்கிரீட்டில் முதல் ஏற்றம் 22, கடைசி 15, மற்றவை 17 என்று இருக்க வேண்டும். சென்ட்ரிங் அடிக்கும் முன் கொத்தனாரிடம் போய்ச் சேர வேண்டியவை இந்த எண்கள்; கான்கிரீட் இறுகிய பின் இவற்றைத் திருத்த உடைப்பதைத் தவிர வேறு வழியில்லை.