‘பொருத்தப்பட்டது’ சரி, பொருத்தியது யார்?

வைவா அறையில் அடிக்கடி நடக்கிற காட்சி இது. வெளிக்கல்லூரியிலிருந்து வந்த தேர்வாளர் பைண்டிங் செய்த அறிக்கையை நடுவில் எங்கோ பிரிக்கிறார். “‘ஈரமானி மண்ணில் அளவுத்திருத்தம் செய்யப்பட்டது’னு எழுதியிருக்கீங்க. யாரு செஞ்சது?” எதிரே நிற்கும் நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். “எல்லாரும் சேர்ந்துதான் சார் பண்ணோம்.” தேர்வாளர் தலையாட்டிவிட்டு, ஓரமாக நிற்பவரைப் பார்த்து அடுத்த கேள்வியைப் போடுகிறார்: “சரி, எப்படிப் பண்ணீங்க, நீங்க சொல்லுங்க.”

குழு அறிக்கையின் மொழியே இந்த மௌனத்துக்குப் பாதிக் காரணம். பொறியியல் ப்ராஜெக்ட் அறிக்கைகள் செயப்பாட்டு வினையில் எழுதப்படுகின்றன. சென்சார் பொருத்தப்பட்டது, நிரல் எழுதப்பட்டது, முடிவுகள் ஒப்பிடப்பட்டன. வேலை நடந்தது தெரிகிறது, செய்த ஆள் தெரிவதில்லை. தனிநபர் பங்களிப்புக் குறிப்பு என்று பல துறைகளில் கேட்கப்படும் அந்த அரைப் பக்கம், விட்டுப்போன எழுவாய்களைத் திரும்பக் கண்டுபிடித்து எழுதுவதுதான். இலக்கண வகுப்பில் செய்வினையாக மாற்றும் பயிற்சி செய்தவர்களுக்கு இது சுலபமாகத் தோன்றலாம். நான்கு பேர் சேர்ந்து உட்கார்ந்தால்தான் அதன் சிக்கல் தெரியும்.

ஒரு பேச்சுக்கு ஒரு குழுவை எடுத்துக்கொள்வோம். மண்ணின் ஈரத்தைப் பார்த்துச் சொட்டுநீர்ப் பாசன வால்வைத் தானே திறந்து மூடும் கருவி அவர்களுடைய ப்ராஜெக்ட். ஈஎஸ்பி32 பலகை, மண் ஈரம் அறியும் சென்சார், ரிலே, வால்வு, வைஃபை வழியாகத் தகவல் வாங்கும் கைப்பேசிச் செயலி. வயரிங்கும் பலகைக்கான நிரலும் ஒரு மாணவர் பொறுப்பு. செயலி ஒரு மாணவி. மண் சோதனை இன்னொரு மாணவி. நான்காமவர் முந்தைய ஆய்வுகளைப் படித்து அறிக்கையைத் தொகுத்தவர். வைவாவுக்கு இரண்டு வாரம் இருக்கிறது. கைடு கேட்டுவிட்டார்: ஆளுக்கு அரைப் பக்கம் வேண்டும்.

முதலில் எல்லாரும் செய்வது சதவீதம் போடுவது. இந்தக் குழுவும் அதைத்தான் செய்தது. தன் பங்கு எவ்வளவு என்று ஆளுக்கொரு துண்டுச்சீட்டில் எழுதினார்கள். 40, 35, 35, 30. கூட்டினால் 140. யாரும் பொய் சொல்லவில்லை. கனடாவின் மைக்கேல் ராஸ், ஃபியோரே சிக்கோலி என்ற உளவியலாளர்கள் 1979இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டு வேலைகளில் தங்கள் பங்கு எவ்வளவு என்று கணவனையும் மனைவியையும் தனித்தனியே கேட்டார்கள். பெரும்பாலான வேலைகளில் இருவர் சொன்ன பங்கும் சேர்ந்து முழு அளவைத் தாண்டியது. நாம் செய்தது நமக்கு உடனே நினைவுக்கு வருகிறது. அடுத்தவர் செய்தபோது நாம் பக்கத்தில் இல்லை. எனவே சதவீதத்தில் தொடங்கினால் சண்டையில்தான் போய் நிற்கும். சீட்டுகளை மடித்து வைத்துவிட்டு அறிக்கையைக் கையில் எடுப்பது நல்லது.

அறிக்கையின் அச்சுப்படி ஒன்றும் பென்சிலும் போதும். செய்முறை அத்தியாயத்திலும் முடிவுகள் அத்தியாயத்திலும் ‘பட்டது’, ‘பட்டன’ என்று முடியும் ஒவ்வொரு வினையையும் அடிக்கோடிட வேண்டும். ஒவ்வொரு கோட்டின் ஓரத்திலும் இரண்டு விஷயம்: யார், எதைப் பார்த்தால் தெரியும். இரண்டாவதுதான் முக்கியம். வாட்ஸ்அப்பில் போட்ட படம், சோதனை நோட்டில் உள்ள தேதி, பகிர்ந்த ஆவணத்தின் மாற்ற வரலாறு, ரிவியூவில் காட்டிய ஸ்லைடு, கடை பில் என எது வேண்டுமானாலும் சான்றாகலாம். சான்று எதுவுமே கிடைக்காத வரிக்கு மட்டும் மற்ற மூவரில் ஒருவர் ‘ஆமாம், நான் பார்த்தேன்’ என்று சொன்னால் போதும்.

நிரல் எழுதும் குழுக்கள் இந்த இடத்தில் ஒரு குறுக்குவழியை நாடும். எல்லாம் கிட்டில் இருக்கிறதே, எண்ணிப் பார்த்தால் ஆயிற்று. நம் குழுவும் இந்தக் கட்டளையைக் கொடுத்தது:

```
git shortlog -sn --all
```

ஒவ்வொரு பெயரிலும் எத்தனை கமிட் என்று இது சொல்லும். செயலி மாணவி 112, வயரிங் மாணவர் 41, அறிக்கை மாணவர் 9. மண் மாணவியின் பெயரே பட்டியலில் இல்லை.

எண்கள் சரி. ஆனால் அவை சொல்லும் கதை தவறு. மாலையில் லேபில் இருந்தது செயலி மாணவியின் மடிக்கணினி மட்டுமே; வயரிங் மாணவர் அதில் உட்கார்ந்து எழுதிய நிரலும் அவள் பெயரில்தான் ஏறியது. கிட்டுக்கு விசைப்பலகையில் யார் விரல் இருந்தது என்று தெரியாது, அந்தக் கணினியின் `user.name` மட்டுமே தெரியும். வரிகளை எண்ணினாலும் இதே கதைதான். செயலி உருவாக்கும் மென்பொருள் தானாக எழுதிப் போடும் கோப்புகள் ஆயிரக்கணக்கான வரிகளாக வந்து சேரும். இடைவெளிகளை ஒழுங்கு செய்த ஒரே கமிட், கோப்பு முழுவதையும் செய்தவர் பெயருக்கு மாற்றிவிடும். இரண்டாவதுக்கு `git blame -w` ஓரளவு உதவும்; வெற்று இடைவெளி மாற்றங்களை அது கணக்கில் எடுக்காது. முதலாவதை ஆட்களைக் கேட்டுத்தான் தீர்க்க முடியும். எண்ணிக்கை தேதியைத் தேட உதவும், அவ்வளவுதான்.

இதைவிடக் கடினமான இடம் ஒன்று இருந்தது. மொத்த நிரலிலும் அதிக நேரம் தின்ற மாற்றம் இது:

```
- const int SENSOR_PIN = 25;
+ const int SENSOR_PIN = 34;
```

ஒரே வரி. மேசையில் வைத்துப் பார்த்தபோது சென்சார் ஒழுங்காகப் படித்தது. செயலியோடு இணைத்ததும் அளவு வரவே இல்லை. சென்சாரை மாற்றினார்கள், வயரை மாற்றினார்கள். ஐந்து நாள் போயிற்று. ஈஎஸ்பி32 பலகையில் மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதிகள் இரண்டு உண்டு. அவற்றில் இரண்டாவதை வைஃபையும் பயன்படுத்துவதால், வைஃபை ஓடும்போது அந்தப் பகுதியின் பின்களில் சென்சாரை நம்பிப் படிக்க முடியாது. 25ஆம் பின் அந்த வகை. 34ஆம் பின் முதல் பகுதியைச் சேர்ந்தது.

இதைக் கண்டுபிடித்தது யார்? வயரிங் மாணவரும் செயலி மாணவியும் ஆளுக்கொரு பக்கம் உரிமை கொண்டாடினார்கள். அந்த வாரத்து வாட்ஸ்அப் உரையாடலைத் திறந்து பார்த்தபோது இருவர் சொன்னதும் சரியாக இருந்தது. வைஃபையை அணைத்தால் அளவு திரும்ப வருகிறது என்று படத்தோடு போட்டது அவர். மறுநாள் காலை, பலகைத் தயாரிப்பாளரின் கையேட்டில் இருந்த எச்சரிக்கையைப் படம்பிடித்துப் போட்டது அவள். ஒரு நிகழ்ச்சியை ஒரு வினையாக வைத்துக்கொண்டு இருவர் இழுத்ததுதான் தகராறு. ‘வைஃபை ஓடும்போது மட்டும் பிழை வருவதைப் பிரித்துக் காட்டினேன்’, ‘அதன் காரணத்தைக் கையேட்டில் கண்டறிந்து பின்னை மாற்றினேன்’ என்று இரண்டு வினையாக உடைத்ததும் தகராறு கரைந்தது. இது ஏதோ சமாதான உத்தி என்று நினைக்க வேண்டாம். நடந்தது உண்மையிலேயே இரண்டு வேலை.

இனி, பட்டியலில் பெயரே இல்லாத மண் மாணவி. சென்சார் தருவது வெறும் எண்தான். அது எத்தனை சதவீத ஈரம் என்று மண்ணைக் காயவைத்துப் பார்த்தால்தான் தெரியும். எட்டு டப்பாவில் வெவ்வேறு ஈரத்தில் மண் எடுத்து, சென்சார் எண்ணைக் குறித்துக்கொண்டு, எடை போட்டு, 105 டிகிரி செல்சியஸ் அடுப்பில் 24 மணி நேரம் வைத்து, மறுபடி எடை போட்டிருக்கிறார். 120 கிராம் மண் காய்ந்து 100 கிராம் ஆனால், போன தண்ணீர் 20 கிராம். காய்ந்த மண்ணின் எடையில் அது 20 சதவீதம். இந்த எட்டு அளவுகள் இல்லையென்றால் வால்வு எப்போது திறக்க வேண்டும் என்று நிரலில் எழுதிய எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. அறிக்கையில் இதற்குக் கிடைத்தது ஒரே ஒரு ‘செய்யப்பட்டது’. அவருடைய நோட்டில் எட்டுப் பக்கம் இருந்தது.

இப்படி ஓரக்குறிப்புகள் சேர்ந்த பிறகு எழுதுவது கஷ்டமில்லை. ஆய்விதழ் உலகில் இதற்கு ஒரு வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. கிரெடிட் என்ற வகைப்பாடு ஆசிரியர்களின் பங்கை 14 பாத்திரங்களாகப் பிரிக்கிறது. 2022இல் அது அமெரிக்கத் தரநிலையாகவும் ஆனது. மென்பொருள், சரிபார்ப்பு, முதல் வரைவு எழுதுதல், திருத்துதல் எல்லாம் அதில் தனித்தனி. சதவீதம் கிடையாது. வேண்டுமானால் முதன்மை, சமம், துணை என்று குறிக்கலாம். மாணவர்களுக்கு 14 தேவையில்லை, ஆனால் அந்த மூன்று சொற்களைக் கடன் வாங்கலாம்.

மண் மாணவி முதலில் எழுதியது இது: ‘ப்ராஜெக்டின் எல்லாக் கட்டங்களிலும் முழு ஈடுபாட்டுடன் பங்கேற்றேன். சோதனைகளில் முக்கியப் பங்கு வகித்தேன்.’ திருத்திய பின்: ‘எட்டு மண் மாதிரிகளை அடுப்பில் உலர்த்தி, சென்சார் எண்ணை ஈரச் சதவீதமாக மாற்றும் வரைபடத்தைத் தயாரித்தேன் (முதன்மை, பகுதி 4.2, படம் 4.3). வால்வு திறக்கும் வரம்பை வயரிங் மாணவருடன் சேர்ந்து தீர்மானித்தேன் (சமம்). நிரல் எழுதவில்லை.’ அந்தக் கடைசி இரண்டு சொல்லை எழுத அவர் தயங்கினாராம். அதுதான் மற்ற வரிகளை நம்பவைக்கிறது.

நான்காமவர் விஷயம் நெருடலானது. மின்வழங்கிப் பகுதி அவருக்குத்தான் ஒதுக்கப்பட்டிருந்தது. மார்ச்சில் அவர் லேபுக்கு வராததால் வயரிங் மாணவர் அதை முடித்தார். ‘நண்பன்டா, விட்டுடு’ என்று அவர் பெயரையே அங்கே போட்டுவிடத்தான் மனம் வரும். போட்டால் வைவாவில் மின்வழங்கிக் கேள்வி அவருக்குத்தான் போகும், அது உதவியாகாது. அதற்காக ‘இவர் வரவில்லை’ என்று மற்றவர் குறிப்பில் எழுதுவதும் தவறு. குறிப்பில் அவரவர் செய்தது மட்டும்தான் வர வேண்டும். வராதது, அதன் காரணம் எல்லாம் கைடிடம், வைவாவுக்கு முன்னால், அவரையும் வைத்துக்கொண்டு பேச வேண்டியவை. அவர் எழுதிய முந்தைய ஆய்வுகள் அத்தியாயமும் அறிக்கைத் தொகுப்பும் உண்மையான வேலைகள். அவற்றை முழுதாக எழுதினாலே அவருடைய அரைப் பக்கம் பாதிக்கு மேல் நிரம்பும்.

நான்கு குறிப்புகளையும் நால்வரும் படித்து, ஒரே தாளில் கையெழுத்திட்ட பிறகே பைண்டிங்குக்குக் கொடுக்க வேண்டும். அதற்கு முந்தின இரவு ஒரு சோதனை உண்டு. ஒருவர் குறிப்பிலுள்ள ஒவ்வொரு வரிக்கும் மற்ற மூவர் ஆளுக்கொரு கேள்வி கேட்க வேண்டும். ஏன் 105 டிகிரி, 100 ஏன் போதாது? 34 இல்லாமல் 26ஐப் போட்டால் என்ன ஆகும்? பதில் வராத வரியை ‘முதன்மை’யிலிருந்து ‘துணை’க்கு இறக்கலாம், அல்லது இரவோடு இரவாகப் படிக்கலாம். குறிப்பு இருப்பதால் மற்றவர் பகுதியைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள் என்று நம்பவும் கூடாது. கருவி மொத்தமும் எப்படி வேலை செய்கிறது என்பது நால்வருக்கும் பொதுக் கேள்வி.

வைவா அன்று தேர்வாளர் கேட்டது மண் மாணவியை. “எட்டு மாதிரிதானே எடுத்திருக்கீங்க, போதுமா?” அவர் சொன்னார்: “நம்ம காலேஜ் மண்ணுக்குப் போதும் சார். களிமண்ணுக்கு இந்த வரைபடம் செல்லாது, மறுபடியும் காயவைக்கணும்.” தேர்வாளர் பேனாவை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டு, அடுத்தவர் பக்கம் திரும்பினார்.