இடது பக்கம் சிவப்பு, வலது பக்கம் வெள்ளை

நேராக ஓடும் ஒரு தார்ச்சாலை. இரு பக்கமும் காய்ந்த புல், தூரத்தில் நாலைந்து மரங்கள். பெயர்ப்பலகை இல்லை, கடை இல்லை, ஆள் நடமாட்டமும் இல்லை. இது எந்த நாடு?

சுவீடன்காரரான ஆன்டன் வாலென் 2013-ல் தொடங்கிய ஜியோகெஸ்ஸர் என்ற இணைய விளையாட்டு கேட்பது இதைத்தான். கூகுள் எடுத்த தெருப்படத்தைக் காட்டும். இடத்தை நாம் சொல்ல வேண்டும். புதிதாக ஆடுபவர்கள் மரத்தையும் வானத்தையும் பார்ப்பார்கள். பழகியவர்களின் கண் சாலையோரத்தில் இடுப்பளவு நிற்கும் சிறு கம்பத்துக்குப் போகும். அதை அவர்கள் பொல்லார்டு என்கிறார்கள்.

இருட்டில் சாலை எங்கே முடிகிறது, எங்கே வளைகிறது என்று ஓட்டுநருக்குக் காட்டுவதே இந்தக் கம்பத்தின் வேலை. அதன் வடிவத்தையும் நிறத்தையும் அந்தந்த நாட்டு விதிதான் முடிவு செய்கிறது. அதனால் எல்லையைத் தாண்டினால் கம்பமும் மாறிவிடும். ஜெர்மனியில் வெள்ளைக் கம்பத்தின் மேல்பகுதியில் சாய்வான கறுப்புப் பட்டை இருக்கும். பக்கத்து நாடான போலந்தில் அந்தப் பட்டை சிவப்பு. ஜெர்மனியின் நேரான சாலைகளில் வழக்கமாக 50 மீட்டருக்கு ஒரு கம்பம். பனிமூட்டத்தில் அடுத்த கம்பம் தெரியாவிட்டால், ஓட்டுநர் வேகத்தை 50 கிலோமீட்டருக்குக் குறைத்துவிட வேண்டும்.

சாலையில் உள்ள எல்லாமே இப்படித் துப்புக் கொடுப்பதில்லை. ஆரஞ்சு நிறக் கூம்பு ஏறக்குறைய எல்லா நாட்டிலும் ஒன்றுபோல் இருக்கும். வேலை முடிந்ததும் எடுத்துப் போய்விடுவார்கள். வேகத்தடையைப் படத்தில் கண்டுபிடிப்பதே சிரமம். இந்திய நெறிமுறைப்படி அது 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட மென்மையான மேடு. நேர் எதிரிலிருந்து எடுத்த படத்தில் அந்த மேடு தரையோடு தரையாகிவிடும். மேலே பூசிய பட்டைகளோ, முன்னால் நிற்கும் எச்சரிக்கைப் பலகையோதான் காட்டிக்கொடுக்கும். பலகையில் 'TOPE' என்று எழுதியிருந்தால் மெக்சிகோவை நினைக்கலாம். 'LOMBADA' என்றால் பிரேசில்.

இப்போது அந்தக் காய்ந்த புல் சாலைக்குத் திரும்பலாம். படத்தைப் பெரிதாக்கினால் இரு ஓரமும் வெள்ளைக் கம்பங்கள். இடப்பக்கக் கம்பத்தின் ரிஃப்ளெக்டர் சிவப்பு, வலப்பக்கத்தில் வெள்ளை. படத்தை அப்படியே பின்பக்கம் திருப்பினாலும் இடதில் சிவப்புதான் தெரிகிறது. ஒவ்வொரு கம்பத்துக்கும் ஒரு முகம் சிவப்பு, மறுமுகம் வெள்ளை என்பதே காரணம். எதிரே வருபவருக்கும் அதே காட்சி கிடைக்க வேண்டுமே! சிவப்பு ஓட்டுநரின் அருகிலுள்ள ஓரத்தைக் குறிப்பதால், சாலையில் ஒரு வண்டிகூட இல்லாமலே இங்கே இடப்பக்கம் ஓட்டுகிறார்கள் என்று ஊகிக்கலாம்.

மிஞ்சுவது ஆஸ்திரேலியாவா, நியூசிலாந்தா என்ற சந்தேகம். நியூசிலாந்துக் கம்பத்தில் சிவப்புப் பட்டை வளையல்போல ஏறக்குறைய முழுதாகச் சுற்றியிருக்கும். இந்தக் கம்பத்திலோ முகப்பில் மட்டும் ஒரு சின்னச் சிவப்புத் துண்டு. ஆஸ்திரேலியாவில் புள்ளி வைத்துவிடலாம்.