இரண்டு நிற நோட்டீஸுக்கு எத்தனை பிளேட்?

இலவசக் கண் சிகிச்சை முகாமுக்கு 5,000 பிட் நோட்டீஸ் தேவை. தலைப்பு சிவப்பில், விவரங்கள் கறுப்பில். பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டே நிறம்தான். ஆனால் ஆப்செட் அச்சகத்தில் இதற்கு எத்தனை பிளேட் என்பது, டிசைன் செய்தவர் அந்தச் சிவப்பை எப்படி அமைத்தார் என்பதைப் பொறுத்தது.

மல்டிகலர் அச்சில் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என நான்கே மைகள். சிவப்பு மை கிடையாது. மெஜந்தாவையும் மஞ்சளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடித்துத்தான் சிவப்பை வரவழைக்கிறார்கள். ஆக, கறுப்பையும் சேர்த்து மூன்று பிளேட். சிவப்பைச் சற்று அடர்த்தியாக்க சயான் கொஞ்சம் சேர்த்துவிட்டால் நான்கு. ஸ்பாட் கலர் முறையில் சிவப்பு என்பதே டப்பாவில் தயாராக வரும் தனி மை. எனவே இரண்டு பிளேட் போதும். சிங்கிள் கலர் மெஷினில் ஒவ்வொரு நிறத்துக்கும் பிளேட் மாட்டி, ரோலரைக் கழுவி, 5,000 தாளையும் இன்னொரு முறை ஓட்ட வேண்டும். செலவு ஏறுவது அங்கேதான்.

தரத்திலும் வித்தியாசம் தெரியும். நோட்டீஸின் அடியில் 8 பாயின்டில் சிவப்பாகத் தொலைபேசி எண் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மஞ்சள் பிளேட் ஒரு மயிரிழை விலகினாலும் எண்களின் ஓரத்தில் மஞ்சள் கோடு எட்டிப்பார்க்கும். ஒரே மையில் அடித்த எண்ணில் அந்தத் தொல்லை இல்லை. ஓரம் கூர்மையாக நிற்கும்.

இரண்டு மைதானே என்று தயங்க வேண்டாம். சிவப்பை 20 சதவீதமாகக் குறைத்தால் கட்டங்களுக்கு இளஞ்சிவப்புப் பின்னணி கிடைக்கும். சிவப்பின் மேல் கறுப்புச் சாயல் ஏற்றினால் அரக்கு நிறம் வரும். பின்னணி மேல் வரும் கறுப்பு எழுத்தை மட்டும் 'ஓவர்பிரின்ட்' ஆக அமைக்க வேண்டும். இல்லாவிட்டால் பிளேட் விலகும்போது எழுத்தைச் சுற்றி வெள்ளை இடைவெளி தெரியும்.

பெரும்பாலான தவறுகள் ஃபைலிலேயே நடக்கின்றன. கணினித் திரைக்கான RGB கறுப்பில் அடித்த எழுத்து, அச்சுக்கு மாறும்போது நான்கு மைகளாகப் பிரிந்துவிடும். அக்ரோபேட் புரோவில் `Output Preview` திறந்தால் எந்தெந்த பிளேட்டில் மை இருக்கிறது என்று தெரியும். இரண்டைத் தவிர வேறெதிலும் எதுவும் இருக்கக் கூடாது. ஒரு சுலபமான வழியும் உண்டு: இரண்டாம் நிறம் முழுவதையும் மெஜந்தாவில் மட்டும் அமைத்து, அந்த பிளேட்டுக்குச் சிவப்பு மை போடும்படி அச்சகத்தில் எழுதிக் கொடுத்துவிடலாம்.

கலர் புகைப்படம் கட்டாயம் வேண்டுமென்றால் மல்டிகலர்தான். நூறு பிரதி மட்டும் என்றால் பிளேட்டே இல்லாத டிஜிட்டல் பிரின்ட் மலிவு. பலருடைய நோட்டீஸ்களை ஒரே பெரிய தாளில் சேர்த்து மல்டிகலரில் அடிக்கும் அச்சகங்களில், தனியாக ஓட்டும் இரண்டு நிற வேலையைவிடக் குறைந்த விலையும் கிடைக்கலாம். விலை கேட்கும்போது இரண்டையும் கேட்பது நல்லது. ஆனால் அங்கே பக்கத்து நோட்டீஸுக்காக மை கூட்டினால், முகாம் நோட்டீஸின் சிவப்பும் சேர்ந்தே மாறும்.