தேங்கிய வளையலும் சலுகை அறிவிப்பும்

பட்டு நூல் வளையலில் பெரும்பாலும் தேங்கி நிற்பது டிசைனால் அல்ல, அளவால். பலரும் கேட்கும் 2.4, 2.6 அளவுகள் முதலில் விற்றுவிடும். 2.2, 2.10 பெட்டியிலேயே கிடக்கும். நாள்பட்டால் நூலில் தூசி ஏறி நிறம் மங்கும். பசை காய்ந்து கல் உதிரும். ஆகவே இருப்பைத் தீர்க்கும் சலுகைக்கு முதல் வேலை, எந்த அளவில், எந்த நிறத்தில் எத்தனை செட் இருக்கிறது என்று எண்ணி எழுதுவது.

அடுத்தது விலை. ஒரு செட் 300 ரூபாய்க்கு விற்றது என்று கொள்வோம். வளையல், நூல், கல், பசைக்கு 110 ரூபாய், பெட்டிக்கு 20, கைக்கூலி 90 என்றால் அடக்கம் 220. கால் பங்கு தள்ளி 225க்குக் கொடுத்தால் கூலி நிற்கும். பாதி விலையான 150க்குக் கொடுத்தால் கூலியில் 70 ரூபாய் போகும். பொருளுக்குப் போட்ட பணம் திரும்பும். எனவே நல்ல நிலையில் உள்ளவற்றுக்கு 225, நிறம் மங்கியவற்றுக்கு மட்டும் 150 என்று பிரிப்பது நியாயம். மங்கியதைப் படத்திலும் எழுத்திலும் காட்டிவிட வேண்டும். ஒருபோதும் வாங்காத விலையைப் பழைய விலையாகக் காட்டித் தள்ளுபடி என்பது ஏமாற்று.

கெடு குழப்பமில்லாமல் இருக்க வேண்டும். 'ஞாயிறு இரவு 12 மணி' என்றால் சனி கழிந்த நள்ளிரவா, ஞாயிறு கழிந்ததா என்ற சந்தேகம் எழும். தேதி, கிழமை, மணி மூன்றும் தேவை. செய்தி அனுப்பிய நேரமா, பணம் வந்த நேரமா, எது கணக்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும். அறிவிப்பு இப்படி அமையலாம்:

"பட்டு நூல் வளையல், 2.2 அளவில் 14 செட், 2.10 அளவில் 9 செட் மட்டும். ஒரு செட் 225 ரூபாய் (முன்பு 300). நிறம் சற்று மங்கிய 4 செட், தலா 150 ரூபாய், இவையும் 2.2 அளவே, மேற்சொன்ன 14இல் சேராதவை. அக்டோபர் 12, ஞாயிறு, இரவு 9 மணிக்குள் பணம் செலுத்தியவர்களுக்கே இந்த விலை. கூரியர் செலவு தனி. அளவு மாற்றித் தர இயலாது. உடைந்து வந்தால், பிரிக்கும்போது எடுத்த வீடியோவை இரண்டு நாளுக்குள் அனுப்பினால் பணம் திரும்பத் தரப்படும்."

எண்ணிக்கையைச் சொல்வது வெறும் மரியாதைக்காக அல்ல. தவறான விளம்பரங்களைத் தடுக்க மத்திய அரசு 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், கையில் போதிய சரக்கில்லாமல் குறைந்த விலை காட்டி ஆள் இழுப்பதைக் கட்டுப்படுத்துகின்றன. ஒரு அளவு தீர்ந்ததும் அறிவிப்பில் அதைத் திருத்த வேண்டும். கெடு முடிந்தபின் 'இன்னும் இரண்டு நாள்' என்று நீட்டினால், அவசரப்பட்டு வாங்கியவர்கள் அடுத்த கெடுவை நம்பமாட்டார்கள். மிஞ்சியவற்றின் கல்லைப் பிரித்துப் புது வளையலில் பதிக்கலாம்.